எங்களைக் கணவன் மனைவியாகவே இருக்கவிட்டவர்களுக்கு

என் கணவருக்குப் பார்கின்சன் நோய் வந்து பல வருடங்கள் ஆகின்றன. இத்தனை நாளும் கூட நின்றவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல். அவரைப் பார்த்துக்கொள்ள உதவினீர்கள். அதைவிட, அவருக்குத் தாதியாக மட்டும் ஆகிவிடாமல் மனைவியாகவும் இருக்க எனக்கு இடம் கொடுத்தீர்கள்.

முதல் நன்றி நரம்பியல் மருத்துவர் அம்மாவுக்கு. ஆரம்பத்திலேயே எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து, "போகப்போக இவர் முகத்தில் சிரிப்பும் கோபமும் சரியாகத் தெரியாது. முகத் தசைகள் சரியாக அசையாததால் வருவது அது. மனசு மரத்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். அவர் சொல்லி வைத்ததால் இப்போது முகத்தைப் பார்த்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. "என்னங்க, பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிடுவேன். அவரும் வாய்விட்டுச் சொல்வார். கனவு கண்டு தூக்கத்தில் கத்துவது, உதைப்பது பற்றியும் அந்த அம்மாவே கேட்டார். நாங்களாகச் சொல்லியிருக்க மாட்டோம். அதற்குச் சிகிச்சையும் கொடுத்து, தூங்க மட்டும் தனிக் கட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னார். தூக்கம் வரும்வரை ஒரே கட்டிலில்தான் பேசிக்கொண்டு படுத்திருக்கிறோம்.

அப்புறம், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தம்பி. எங்கள் நாளையே மாற்றி அமைத்தவர் அவர். லெவோடோபா மாத்திரை போட்டால் கொஞ்ச நேரத்தில் உடம்பு இளகும். நோய் வளர வளர, அடுத்த வேளை வருவதற்குள்ளேயே அதன் பலன் வடிந்துவிடும். "ஒரு வாரம் மணிக்கு மணி குறித்து வையுங்கள். உடம்பு இளகியிருக்கிறதா, இறுகியிருக்கிறதா, அப்போது இருவரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான்" என்றார்.

எழுதிய தாளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மாத்திரை காலை 7, 11, பிற்பகல் 3, இரவு 7 மணிக்கு. காலை 8 முதல் 10 வரையும், பகல் 12 முதல் 2 வரையும் அவர் நன்றாக இருந்தார். அந்த நேரம் முழுக்கக் குளியல், உடற்பயிற்சி, வங்கி வேலை என்று போனது. நாங்கள் பேச உட்கார்ந்ததெல்லாம் மாத்திரை வடிந்த நேரத்தில். அவருக்குப் பேச்சு எழும்பாது, நானும் களைத்திருப்பேன்.

வேலைகளைக் காலைக்குத் தள்ளிவிட்டு, பகல் நேரத்தை எங்களுக்கென்று ஒதுக்கச் சொன்னார் தம்பி. புரதம் மிகுந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் சிலருக்கு இந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது. அதனால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு 11 மணி மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறோம், புரதத்தைப் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டில் வைத்துக்கொள்கிறோம். மாத்திரை நேரத்தை மட்டும் நாமாக மாற்றக் கூடாது என்பதையும் தம்பி அழுத்திச் சொன்னார். அந்த இரண்டு மணி நேரத்தில் நோய்ப் பேச்சே கிடையாது. மோஷன் போனதா, அடுத்த செக்கப் எப்போது என்பதெல்லாம் ஒரு நோட்டில் ஏறும். சாயங்காலம் மொத்தமாகப் பேசிக்கொள்வோம்.

குளிப்பாட்ட வரும் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வெளியாள் வேண்டும் என்று கேட்டது என் கணவர்தான். "உன் கை என் மேல படறது வேலையா இருக்கக் கூடாது" என்றார். குளியலறை வாசலில் அவர் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். அண்ணன் கையைப் பிடித்து இழுக்க மாட்டார். இழுத்தால் முன்னால் விழுந்துவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். தரையில் பளிச்சென்ற டேப்பைக் குறுக்கே ஒட்டி வைத்திருக்கிறார். "சார், நில்லுங்க. உடம்பை ஒரு கால் மேல சாய்ங்க. இப்ப இன்னொரு காலால கோட்டைத் தாண்டுங்க" என்பார். கால் எழுந்துவிடும்.

என் கொழுந்தனாருக்கு ஒரு தனி நன்றி. சனிக்கிழமை வந்ததும் "அண்ணி, நீங்க கிளம்புங்க" என்று என்னை அனுப்பிவிடுகிறார். என்னிடம் "அண்ணன் எப்படி இருக்கார்?" என்று கேட்பதில்லை. அவரிடமே கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்.

கடைசியாக, என் கணவருக்கு. கையெழுத்து சுருங்கிப்போனபின்பும் வீட்டுக் கணக்கை நீங்கள் விடவில்லை. நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நான் செய்த செலவுக்கு இன்னமும் காரணம் கேட்கிறீர்கள், நானும் சண்டை போடுகிறேன். நன்றிங்க.

உங்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. பகல் 12 முதல் 2 வரை மட்டும் போனை எடுக்காவிட்டால் தப்பாக நினைக்காதீர்கள்.