ஸ்டெபிலைசேஷனை அணைத்தாலும் அணைவதில்லை: கேமரா செயலி குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு

பொருள்: அண்மை அப்டேட்டுக்குப் பிறகு வீடியோவில் ஃப்ரேம் மாறுவதும் ஒலி அளவு தானாக ஏறி இறங்குவதும்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் கைபேசியை மட்டுமே வைத்து நானும் நண்பர்களும் ஒரு குறும்படம் எடுத்துவருகிறோம். விளம்பரத்தில் ‘முழு மேனுவல் கட்டுப்பாடு’ என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் இந்த மாடலை வாங்கினோம். கடைசி அப்டேட் வந்ததிலிருந்து அந்தக் கட்டுப்பாடு எங்கள் கையில் இல்லை.

முதலில் ஸ்டெபிலைசேஷன். அமைப்புகளில் அதை அணைத்து வைத்தாலும் ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதும் திரையில் படம் சற்று நெருங்கி வருகிறது. மென்பொருள் ஸ்டெபிலைசேஷன் படத்தை நகர்த்தி நடுக்கத்தைச் சரிசெய்வதால், அதற்கு நான்கு ஓரங்களிலும் கொஞ்சம் இடம் தேவை. அந்த இடத்தை எங்கள் ஃப்ரேமிலிருந்துதான் வெட்டி எடுக்கிறது. அணைத்த பிறகும் படம் நெருங்குகிறது என்றால், அது அணையவே இல்லை என்றுதான் அர்த்தம்.

இதனால் கெட்டுப்போன ஒரு ஷாட்டைச் சொல்கிறேன். வாசலில் ஒரு பெண் ஃப்ரேமின் இடது ஓரத்தில் நிற்கிறார். வலது ஓரத்தில் ஒரு காலி நாற்காலியின் முதுகு பாதி மட்டும் தெரிய வேண்டும். அந்த வீட்டில் ஒருவர் இல்லை என்பதைச் சொல்வது அந்தப் பாதி நாற்காலிதான். டிரைபாடில் பொருத்தி, கோடுகளைப் பார்த்து ஃப்ரேம் வைத்தோம். பதிவான வீடியோவில் நாற்காலியே இல்லை, பெண்ணின் தோளும் வெட்டுப்பட்டிருக்கிறது.

சரி, கேமராவைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கலாம் என்று பார்த்தால், அடுத்த சிக்கல் அதைவிடப் பெரியது. அந்த ஷாட்டின் முடிவில் கேமரா பெண்ணிடமிருந்து நாற்காலிக்கு மெதுவாகத் திரும்ப வேண்டும். டிரைபாடின் கைப்பிடியைச் சீராகத்தான் திருப்புகிறோம். ஆனால் உங்கள் மென்பொருள் அந்தத் திருப்பத்தையும் நடுக்கமாக எடுத்துக்கொள்கிறது. ஓரத்தில் ஒதுக்கிய இடம் தீரும்வரை படத்தைப் பழைய இடத்திலேயே பிடித்து வைத்து, தீர்ந்ததும் விட்டுவிடுகிறது. அதனால் படம் முதலில் தயங்கி நின்று, பிறகு வெடுக்கென்று ஓடுகிறது. திருப்பி முடித்த பிறகும் ஒரு கணம் மிதந்துதான் நிற்கிறது. கிம்பலில் வைத்தாலும் இதே கதைதான். கிம்பல் ஒருபக்கம் சமன்செய்ய, மென்பொருள் இன்னொருபக்கம் அதைத் திருத்தப் பார்க்கிறது.

உங்கள் உதவி மையத்தில், ‘வீடியோ ஆடாமல் இருக்கத்தானே இந்த வசதி’ என்றார்கள். கையில் பிடித்து நடந்துகொண்டே எடுக்கும்போது அது நல்ல வசதிதான், மறுக்கவில்லை. அப்போதும் வெளிச்சம் குறைந்த அறையில் அது முழுமையாக உதவுவதில்லை. ஷட்டர் 1/50 நொடி அளவுக்கு இறங்கும்போது, ஒவ்வொரு காலடி அதிர்விலும் அந்த ஃப்ரேமுக்குள்ளேயே படம் கலங்கிவிடுகிறது. மென்பொருள் ஃப்ரேமை நேராக்கும், அதற்குள் இருக்கும் கலங்கலை நீக்காது. அசையாமல் நிற்கும் உருவம் அவ்வப்போது மங்கி மங்கித் தெளிகிறது. அதனால்தான் நாங்கள் டிரைபாடுக்கு வந்தோம். இங்கே அந்த வசதியே தேவையில்லை, அணைக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அப்புறம் ஒலி. நடிகரின் சட்டையில் மாட்டிய மைக்கைக் கைபேசியில் இணைத்து, வசனத்தின் உச்சம் -12 டெசிபல் அருகே நிற்கும்படி கெயினை வைக்கிறோம். அப்டேட்டுக்கு முன்பு அது வைத்த இடத்தில் நின்றது. இப்போது இரண்டு வசனங்களுக்கு நடுவே அமைதி வந்தாலே செயலி தானாகக் கெயினை உயர்த்துகிறது. பக்கத்து அறை ஃப்ரிட்ஜின் இரைச்சல் அலைபோல மேலே வருகிறது. அடுத்த வசனத்தின் முதல் எழுத்து அடித்தாற்போல் கேட்டு, உடனே அமுங்குகிறது. எடிட்டிங்கில் இரைச்சலைக் குறைக்கவும் வழியில்லை. ஒரே அளவில் இருக்கும் இரைச்சல் என்றால் அதை மாதிரியாக எடுத்துக் கழிக்கலாம், இது நொடிக்கு நொடி மாறுகிறது. எங்கள் கதையில் வசனத்தைவிட மௌனம்தான் அதிகம் என்பதால் இழப்பும் அதிகம்.

அமைப்புகளை ரீசெட் செய்யச் சொன்னார்கள், செய்தோம், மாற்றமில்லை. உங்கள் பொறியாளர்களே இதை எளிதாகச் சோதிக்கலாம். கைபேசியை டிரைபாடில் வைத்து, சுவரில் ஒரு அளவுகோலைப் படுக்கையாக ஒட்டி, ரெக்கார்டுக்கு முன்னும் பின்னும் ஓரங்களில் எந்த எண்கள் தெரிகின்றன என்று பாருங்கள். பிறகு டிரைபாடின் காலை லேசாகத் தட்டுங்கள். ஸ்டெபிலைசேஷன் உண்மையிலேயே அணைந்திருந்தால் படம் சட்டென்று அதிர்ந்து நிற்கும். இப்போது அது வழுக்கிப்போய் மெதுவாகத் திரும்பி வருகிறது.

அணைத்தால் முழுமையாக அணையும் ஸ்டெபிலைசேஷனும், வைத்த இடத்தில் நிற்கும் கெயினும் அடுத்த அப்டேட்டில் வேண்டும். அது தாமதமாகும் என்றால், கேமரா செயலியின் முந்தைய பதிப்பை மீண்டும் நிறுவ வழி செய்து தாருங்கள். மேலே சொன்ன ஷாட்டையும் அளவுகோல் சோதனையின் வீடியோவையும் இணைத்திருக்கிறேன். கேமரா மென்பொருள் பிரிவிலிருந்தே எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்