நூலகத் திருப்பணி நிறைவு அறிக்கை: இரவல், நிலுவை, அபராதக் கணக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மேல்தளம் தட்டோடு மாற்றிப் பதிக்கப்பட்டது. ஒழுகல் நின்றது. இரும்பு அலமாரிகள் பன்னிரண்டுக்கும் வண்ணம் பூசியாயிற்று. குழந்தைகள் பகுதிக்குப் புது மின்விசிறி வந்தது. இவற்றின் ரசீதுகள் கோப்பில் இருக்கின்றன. யாரும் அவற்றைப் பற்றிக் கேட்கவில்லை என்பதால் நானும் நீட்டவில்லை.

நீங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. கணினி அறிக்கை ஓராண்டு அபராதம் ரூ.9,140 என்று காட்டுகிறது, ரொக்கப் புத்தகத்தில் ரூ.3,275 மட்டுமே வரவு இருக்கிறது, மீதி எங்கே போயிற்று? டீக்கடையில் இதற்கு ஏற்கெனவே ஒரு பதில் கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். குழுவின் பதிலையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதலில் கணினி வந்த கதை. நாம் பயன்படுத்துவது கோஹா என்ற நூலக மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு சிறிய ஊரக நூலகத்துக்காக எழுதப்பட்டது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு நன்கொடை என்று பொருள். விலை கிடையாது. "இலவசம் என்றால் 85,000 எதற்கு?" என்று சென்ற கூட்டத்தில் கேட்டார்கள். மென்பொருளுக்கு அல்ல. 8,000 புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து ஏற்ற, புத்தகத்துக்கு 8 ரூபாய் வீதம் 64,000. நிறுவுதல், பார்கோடு ஒட்டுதல், பயிற்சி ஆகியவற்றுக்கு 21,000. மூன்று விலைப்புள்ளிகளில் இதுவே குறைவு. குறைவானதை எடுத்ததுதான் தப்போ என்று பின்னாளில் எனக்கே தோன்றியது உண்டு.

2024 ஏப்ரலில் கணினி வழியாக இரவல் கொடுக்க ஆரம்பித்தோம். பதினான்கு நாள் தவணை, தாமதமானால் நாளுக்கு ஒரு ரூபாய். நமக்கு வெள்ளி விடுமுறை. நூலகம் மூடியிருக்கும் நாளுக்கு அபராதம் இல்லை என்பது பழைய அட்டைக் காலத்திலிருந்தே நம் விதி.

ஜூலையில் மேல்தள வேலைக்காக நூலகத்தை 5ஆம் தேதி முதல் 27ஆம் தேதி வரை, 23 நாள் மூடினோம். 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திறந்த அன்று முதல் ஆளாக வந்தவர் நம் ஓய்வுபெற்ற டீச்சர். ஜூன் 20 அன்று எடுத்த புத்தகம். தவணை ஜூலை 4, வியாழன். நூலகர் பார்கோடைப் படித்ததும் திரையில் ரூ.24 என்று வந்தது. டீச்சர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏம்மா, கதவைப் பூட்டினது நீங்க, காசு நான் கட்டணுமா?" என்றார். தவணைக்கும் திருப்பியதற்கும் இடையே 24 நாள். அதில் 23 நாள் நாமே பூட்டிவைத்த நாள். விதிப்படி அவர் கட்ட வேண்டியது ஒரு ரூபாய். அதைக் கட்டிவிட்டு, ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்.

அன்று மாலை ஒப்பந்தக்காரரை அழைத்தோம். அவர் திரையைத் திறந்து `finesCalendar` என்ற அமைப்பைக் காட்டினார். அதில் `noFinesWhenClosed` என்று இருந்தது. "மூடிய நாளுக்கு அபராதம் போடாதேன்னு நான் சொல்லியாச்சு சார், மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த நாள் மூடிய நாள் என்று மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது. அதற்கென்று உள்ளே ஒரு நாட்காட்டி இருக்கிறது. வார விடுமுறையையும் தனி விடுமுறைகளையும் நாம் குறித்தால்தான் அது அந்த நாட்களை விட்டு எண்ணும். நாட்காட்டி துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமைகூடக் குறிக்கப்படவில்லை. ஆக ஏப்ரலிலிருந்தே ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு ரூபாய் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது; ஒன்றிரண்டு ரூபாய் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. டீச்சரின் 24 ரூபாய் வந்துதான் காட்டிக்கொடுத்தது.

விடுமுறைப் பட்டியலைத் தருவது நூலகத்தின் பொறுப்பு என்றார் ஒப்பந்தக்காரர். வெள்ளி விடுமுறை என்று வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது, அதைத் தாண்டித்தானே இரண்டு மாதம் உள்ளே வந்து போனீர்கள் என்றோம். மேல்தள வேலைக்கு மூடப்போவதை அவருக்குச் சொல்லாதது எங்கள் தவறு. அதை ஒளிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகள் அவர் தவறு. இந்த வாக்குவாதம் மூன்று கூட்டம் ஓடியது.

நாட்காட்டியை நிரப்பிவிட்டால் பழைய கணக்கு தானாகத் திருந்தாது. புத்தகம் திரும்பி வந்து முடிந்துபோன அபராதம் எழுதினபடியே நிற்கும். நூலகரும் பொருளாளரும் உட்கார்ந்து ஒவ்வொரு உறுப்பினர் கணக்கையும் திறந்து, மூடிய நாட்களைக் கையால் எண்ணிக் கழித்தார்கள். இப்படி நீக்கியது ரூ.4,210. எஞ்சிய நியாயமான அபராதம் ரூ.4,930. அதில் மருத்துவமனையில் இருந்தவர்கள், இறந்துபோன ஓர் உறுப்பினர், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோருக்குக் குழு தள்ளுபடி செய்தது ரூ.640. இன்னும் வரவேண்டியது ரூ.1,015. கைக்கு வந்தது ரூ.3,275. கூட்டிப் பாருங்கள். தெரியாமல் கூடுதலாகக் கட்டியவர்களுக்கு ரூ.138 திருப்பிக் கொடுத்தோம். 3,275 என்பது அதையும் கழித்த தொகை. அறிக்கையில் வரும் 9,140 கணினி எழுதிய பற்று. வசூல் வேறு, பற்று வேறு. எந்த நூலகத்தின் அபராத அறிக்கையைப் பார்த்தாலும் இதை முதலில் கேளுங்கள்.

அடுத்த புகார், எந்த வகைப் புத்தகம் அதிகம் போகிறது என்பதைப் பற்றியது. கணினி தந்த முதல் அறிக்கையில் பெரும்பகுதி இரவல் "பொது" என்ற ஒரே தலைப்பில் கிடந்தது. நம் பழைய நூலகர் ஒவ்வொரு புத்தக முதுகிலும் சீர்காழிக்காரரான ரங்கநாதனின் கோலன் முறையில் பகுப்பு எண் எழுதி வைத்திருந்தார். O31,3 என்றால் தமிழ்க் கதை, O31,1 என்றால் தமிழ்க் கவிதை. தட்டச்சுக்காரர்கள் தலைப்பு, ஆசிரியர், விலை இவற்றை மட்டும் அடித்துவிட்டு, எண்ணை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் "பொது"வில் தள்ளிவிட்டார்கள். திருத்த ஒப்பந்தக்காரர் ரூ.12,000 கேட்டார். கொடுக்கவில்லை. கல்லூரி படிக்கும் நம் உறுப்பினர்கள் இருவர் ஆறு வாரம் அலமாரி அலமாரியாக நின்று வகை மாற்றினார்கள்.

மாற்றி முடித்து அறிக்கையை எடுத்தால், மறுபடியும் "பொது"! பையன்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு அவர்களில் ஒருவன்தான் கண்டுபிடித்தான். இரவல் நடக்கும் அந்த நொடியில் புத்தகத்துக்கு என்ன வகையோ, அதையே `statistics` என்ற அட்டவணை எழுதி வைத்துக்கொள்கிறது. பின்னால் புத்தகத்தின் வகையை மாற்றினாலும் பழைய வரி மாறாது. அதனால் அந்த வகையை நம்பாமல், புத்தக எண்ணைக் கொண்டு `items` அட்டவணையில் இன்றைய வகையைத் தேடி எடுக்க வேண்டும். அப்படி எடுத்த கணக்கு இது. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை மொத்தம் 6,480. கதை நூல்கள் 2,730, குழந்தை நூல்கள் 1,550, போட்டித் தேர்வு நூல்கள் 1,260, மற்றவை எல்லாம் சேர்ந்து 940.

கதைதானே முதலிடம், பிறகு ஏன் நன்கொடைப் பணத்தில் தேர்வு வழிகாட்டி வாங்கினீர்கள், இது நூலகமா பயிற்சி மையமா என்று கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். கதை நூல்கள் நம்மிடம் 3,900 இருக்கின்றன. சராசரியாக ஆண்டுக்கு ஒரு புத்தகம் ஒருமுறைகூட வெளியே போகவில்லை. தேர்வு நூல்கள் 210தான்; ஒன்று ஆறு முறை போயிருக்கிறது. இந்த ஆறை நானே கொஞ்சம் குறைக்க வேண்டும். கணினி புதுப்பித்தலையும் (`renew`) இரவலோடு சேர்த்து எண்ணியிருக்கிறது. தேர்வுக்குப் படிக்கிறவர் ஒரே புத்தகத்தை மூன்று தவணை வைத்துக்கொள்வார். புதுப்பித்தல் 480ஐக் கழித்தால் 780. அப்போதும் புத்தகத்துக்கு மூன்றரைக்கு மேல் வருகிறது. மற்ற வகைகளில் புதுப்பித்தல் சொற்பம். குழந்தை நூல்கள் 620, ஒன்று இரண்டரை முறை போகிறது. அடுத்த ஆண்டு குழந்தை நூல்களுக்கும் வாங்குவோம். கதை ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். நானும் கதை ரசிகன்தான்.

நிலுவை. மார்ச் முடிவில் தவணை கடந்தவை 143. பெரும்பாலானவை இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும் ரகம். ஆறு மாதத்தைத் தாண்டியவை 38. அவற்றுக்குக் கடிதம் போட்டோம். போட்ட மூன்றாம் நாள் ஓர் உறுப்பினர் நேரில் வந்து, "நான் கொடுத்துட்டேன்" என்று சண்டை பிடித்தார். அவரைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் அலமாரிக்குப் போனோம். புத்தகம் அங்கே இருந்தது, மேல்தளத் தூசியோடு. மின்சாரம் இல்லாத நேரத்திலும் வேலை நடந்த நாட்களிலும் கையால் வாங்கி வைத்த புத்தகங்கள் கணினியில் திரும்பியதாகப் பதியப்படாமலே அலமாரி ஏறியிருக்கின்றன. 38ஐயும் தேடியதில் 11 நம்மிடமே கிடைத்தன. அந்தப் பதினோரு பேரிடமும் குழு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறது. இப்போது மின்சாரம் போனால் எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். நூலைக் கடிதத்தில் கேட்கும் முன் அலமாரியில் தேட வேண்டும் என்றும் முடிவெடுத்திருக்கிறோம்.

மீதி 27இல் 19 தேர்வு நூல்கள். எடுத்த பிள்ளைகள் சென்னைக்குப் படிக்கப் போய்விட்டார்கள். பெற்றோரிடம் கேட்டால், "குரூப் ஃபோர் முடிஞ்சதும் கொண்டாந்துருவான்" என்கிறார்கள். அபராதம் புத்தக விலையைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறோம். அதையும் கட்டச் சொல்லி நெருக்கினால் புத்தகமும் வராது, பிள்ளையும் வரமாட்டான். புத்தகம் வந்தால் போதும் என்பது குழுவின் நிலை. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் பொதுக்குழுவில் பேசலாம்.

ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை ரூ.15,000 நிறுத்தி வைத்திருந்தோம். வகை மாற்றிய உழைப்புக்காக ரூ.6,000 பிடித்துக்கொண்டு ரூ.9,000 கொடுத்து முடித்தோம். ஒரு காசும் கொடுத்திருக்கக் கூடாது என்கிறவர்கள், 8,000 புத்தகத்தின் விலையும் தலைப்பும் பிழையில்லாமல் ஏறியிருப்பதையும் பார்க்க வேண்டும். ஆக கணினிச் செலவு ரூ.79,000.

நன்கொடை தந்தவர்கள்: கடைவீதி அரிசிக்கடைக்காரர், பேருந்து நிலைய ஆட்டோ ஓட்டுநர்கள், உயர்நிலைப் பள்ளி 1987ஆம் ஆண்டு மாணவர்கள், பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன சிங்கப்பூர் அன்பர், பெயரைப் பெரிதாகப் போடச் சொன்ன இருவர் (பலகையில் இருக்கிறது), கணவரின் 212 புத்தகங்களைத் துடைத்து அட்டை போட்டுக் கொடுத்த வடக்குத் தெரு அம்மா, மின்விசிறி தந்த பட்டறைக்காரர், 23 நாளும் கொத்தனார்களுக்குக் காசு வாங்காமல் டீ கொடுத்த கடைக்காரர். அபராதம் பற்றிய வதந்தி கிளம்பியதும் அவர் கடையிலிருந்துதான். இருந்தாலும் நன்றி.

பற்று, தள்ளுபடி, வசூல் ஆகிய மூன்றின் பட்டியலும் நூலகர் மேசையில் இருக்கிறது. வெள்ளி தவிர எந்த நாளும் வந்து பார்க்கலாம்.

செயலாளர்
திருப்பணிக் குழுவுக்காக