சின்னம்மாவின் பங்குகள் உங்கள் அலுமாரியில் இல்லை

வன்னிக்கு வந்து கணக்குத் திறந்து கொடுக்கும் பங்குத் தரகு நிறுவனங்களுக்கு,

வணக்கம். நான் கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பதிகிற ஆள். பங்குச் சந்தை எப்படி ஓடுகிறது, எந்தப் பங்கு ஏறும் என்பதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஒருவரின் பொருள் யாருடைய பேரேட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்பது மட்டும் தெரியும், அதுதான் என் தொழில். இந்த மடலும் அதைப் பற்றித்தான்.

சின்னம்மா புதுக்குடியிருப்பில் இருக்கிறா. படிப்பித்து ஓய்வு பெற்றவ. ஓய்வுக் கொடுப்பனவில் கொஞ்சத்தைப் பங்கில் போடலாம் என்று உங்களில் ஒருவருடைய முதலீட்டு ஆலோசகர் கிளிநொச்சியில் வைத்த கூட்டத்தில் கேட்டுவிட்டு, அங்கேயே கணக்குத் திறந்தா. 1,500 பங்கு, ஒன்று 40 ரூபாய். இது நடந்து இரண்டு வருடம். போன மார்கழியில் ஆலோசகரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த கிளைக்கு பஸ் ஏறிப் போனா, கதவு பூட்டு, வெளியே பெயர்ப்பலகை கழற்றின அடையாளம் மட்டும் சுவரில் இருந்ததாம். அன்றிரவு என்னிடம் வந்து நிற்கும்போது கையில் ஒரு பொலித்தீன் பைக்குள் நான்கு தாள். "இதுகளைத் தவிர என்னட்டை வேற ஒண்டும் இல்லை, பத்திரம் ஒண்டும் தரேல்லை, அவன் கொண்டு போயிட்டான் போல" என்றா. அன்றைக்கும் அடுத்த நாளும் சாப்பிடவில்லை.

ஒரு பத்திரமும் இல்லை என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று கொழும்பில் இருந்து வருகிற உங்களுக்கு விளங்க வேண்டும். 2009இல் எங்கள் அப்பாவின் தகரப் பெட்டி, காணி உறுதி, வங்கிப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், எல்லாம் மாத்தளன் மணலோடு போயிற்று. ஒரு தாளும் இல்லாமல் அகதி முகாமுக்குள் போய், நான் இன்னார், இது என் காணி என்று வருடக்கணக்காக நிரூபித்த சனம் நாங்கள். கையில் தாள் இல்லாவிட்டால் பொருளும் இல்லை என்றுதான் சின்னம்மாவின் உடம்பு படித்து வைத்திருக்கிறது.

பங்கு அப்படி இல்லையே. உங்கள் ஆலோசகர் கணக்குத் திறந்த அன்றைக்கு ஐந்து நிமிடம் எடுத்து இதைச் சொல்லியிருந்தால் போதும். பங்குக்குத் தாள் பத்திரம் இருந்த காலம் போய், தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து கொழும்பில் மத்திய வைப்பகம் இருக்கிறது. சிடிஎஸ் என்று நீங்கள் சொல்வது. கொழும்பு பங்குப் பரிவர்த்தனைக்குச் சொந்தமான தனி நிறுவனம். சின்னம்மா வாங்கின 1,500 பங்கும் அங்கேதான் மின்பதிவாக, அவவின் பெயரில், அவவின் அடையாள அட்டை இலக்கத்தோடு எழுதப்பட்டன. நீங்கள் அந்தப் பேரேட்டின் உரிமையாளர் இல்லை. நீங்கள் வாசல். வாங்கு, விற்றுவிடு என்ற உத்தரவைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், வைப்பகத்தில் கணக்குத் திறந்து கொடுப்பதும் உங்கள் வேலை. வாசலைப் பூட்டிவிட்டுப் போனால் வீடு காணாமல் போவதில்லை.

அந்த நான்கு தாளில் ஒன்று வாங்கினதற்கான குறிப்பு. அதை விளக்குக்குக் கீழே வைத்து சின்னம்மாவுக்குக் காட்டினேன். 1,500 பங்கு, 60,000 ரூபாய். மேலே செலவு 1.12 வீதம், 672 ரூபாய். அந்த 672இல் தரகருக்கு 0.64 வீதம், 384 ரூபாய். மத்திய வைப்பகத்துக்கு 0.024 வீதம், 14 ரூபாய் 40 சதம். மிச்சம் பங்குப் பரிவர்த்தனைக்கும் அதை மேற்பார்க்கிற ஆணைக்குழுவுக்கும் அரசாங்க அறவீட்டுக்கும். "பாருங்கோ சின்னம்மா, வாங்கித் தந்தவருக்கு ஒரு கூலி, வைச்சிருக்கிறவைக்கு வேற கூலி. ரெண்டும் ரெண்டு ஆக்கள்" என்றேன். அப்போதுதான் முதல் தடவை நிமிர்ந்து பார்த்தா.

அதே தாளில் கணக்கு இலக்கம் இருந்தது. சின்னம்மா மாதிரி உள்நாட்டு ஆட்களுக்கு அதன் வடிவம் ஒன்றுதான்: முதலில் தரகரைக் குறிக்கும் மூன்று எழுத்து, நடுவில் ஆளின் இலக்கம், பிறகு `LI`, கடைசியில் `00`. `LI` என்றால் உள்நாட்டுத் தனிநபர். முன்னால் நிற்கும் அந்த மூன்று எழுத்தைப் பார்த்துத்தான் கணக்கே தரகருடையது என்று சனம் நினைக்கிறது. எந்த வாசலால் வந்தவர் என்பதற்கான அடையாளம் மட்டும்தான் அது. வேறு தரகரிடம் கணக்குத் திறந்து பங்குகளை அங்கே மாற்றினால் முன்னால் வேறு மூன்று எழுத்து வரும், அவ்வளவுதான். அது விற்று வாங்குவது இல்லை, பேரேட்டில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு எழுதுவது. பழைய தரகருக்குக் கடன் பாக்கி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும், அது நியாயம்.

இன்னொரு அத்தாட்சியும் சின்னம்மாவின் வங்கிப் புத்தகத்திலேயே இருந்தது. பங்குலாபம் இரண்டு தடவை வந்திருந்தது. அவ அதைத் தரகர் போட்ட காசு என்று நினைத்திருந்தா. அது கம்பெனி, வைப்பகப் பதிவில் இருக்கிற பெயரையும் வங்கி இலக்கத்தையும் பார்த்து நேரே அனுப்புவது. உங்கள் கையால் போவதே இல்லை.

சரி, பிறகு மத்திய வைப்பகத்தில் நேரே கேட்டு இருப்புக் கூற்று எடுத்தோம். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. கணக்கில் பதிந்திருந்த கைத்தொலைபேசி இலக்கம் சின்னம்மாவுடையது இல்லை. மின்னஞ்சலும் அவவுடையது இல்லை. இரண்டும் அந்த ஆலோசகருடையவை. முகவரி மட்டும் அவவுடையது, அதுவும் 2010க்கு முன்பிருந்த பழைய காணி முகவரி, இப்போது அங்கே யாரும் இல்லை. ஆக இரண்டு வருடமாக அவவின் பங்குகளைப் பற்றி வந்த ஒவ்வொரு அறிவித்தலும் கூற்றும் அவவைத் தவிர மற்ற இடமெல்லாம் போயிருக்கின்றன. "அம்மாவுக்கு மின்னஞ்சல் இல்லைத்தானே, நான் என்னுடையதைப் போடுறன், எல்லாம் நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று சொன்னாராம். அன்போடு சொன்னதாகத்தான் சின்னம்மா இப்பவும் சொல்கிறா. கணக்குப் பதிகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், விற்கிற ஆளே விற்றதற்கான அறிவித்தலையும் வாங்குகிறார் என்றால் அந்தக் கணக்குக்குக் காவல் இல்லை. உரிமையாளர் பேரேட்டை நேரே பார்க்கலாம் என்பதுதான் தனியாக ஒரு வைப்பகம் இருப்பதன் பயனே, அதைத்தான் அந்த ஒரு இலக்கத்தால் அடைத்து விட்டீர்கள்.

கூற்றில் 1,000 பங்கு இருந்தது. 1,500 இல்லை. சின்னம்மாவின் முகம் மாறியது. பிறகுதான் அவவுக்கே நினைவு வந்தது, போன ஆவணியில் பேத்தியின் படிப்புக்கென்று 500 பங்கை 46 ரூபாய்க்கு விற்கச் சொன்னது. 23,000 ரூபாய், செலவு 257 ரூபாய் 60 சதம் போக 22,742 ரூபாய் 40 சதம். விற்ற நாளுக்குப் பிறகு இரண்டாவது வேலை நாளில் கணக்குத் தீரும், பங்கு போகும், காசு வரும். காசு வந்தது, ஆனால் தரகரிடம். "அப்படியே இருக்கட்டும் அம்மா, நல்ல பங்கு வந்தால் வாங்குவோம்" என்று ஆலோசகர் சொல்லி, அது அங்கேயே கிடந்தது.

தயவுசெய்து இந்த வித்தியாசத்தை உங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், அவர்கள் எங்களுக்குச் சொல்லட்டும். பங்கு வைப்பகத்தில் இருக்கிறது, தரகர் கடையை மூடினாலும் அது அவருடைய சொத்தாகாது. விற்ற காசு வைப்பகக் கூற்றில் வராது, அது தரகரின் பேரேட்டில் நீங்கள் எங்களுக்குத் தர வேண்டிய கடன். பயப்பட வேண்டிய இடம் அதுதான். சின்னம்மா இருந்த 1,000 பங்குக்காக இரண்டு நாள் பட்டினி கிடந்தா, கேட்க வேண்டிய 22,742 ரூபாயை மறந்தே போனா. அந்தக் காசு கைக்கு வர தலைமை அலுவலகத்துக்கு மூன்று கடிதமும் ஐந்து கிழமையும் எடுத்தது.

இன்னொன்றையும் கேளுங்கள். வைப்பகத்தில் ஒருவரின் பங்கை விற்கக்கூடிய இருப்பிலும் வைக்கலாம், பூட்டிய இருப்பிலும் வைக்கலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் விற்கக்கூடிய இருப்பில்தான் விழும். பூட்டிய இருப்பைத் தரகரால் பார்க்கவே முடியாது, உரிமையாளர் கேட்டுத் திறந்தால்தான் விற்கலாம். நீண்ட காலத்துக்கு வைத்திருக்கப் போகிறேன் என்று சொன்ன ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு இப்படி ஒன்று இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை. பூட்டின பங்குக்கு விற்பனைக் கூலி வராது என்பதாலா என்று கேட்க மனம் வருகிறது.

போருக்குப் பிறகு ஏ9 வீதி திறந்த நாளிலிருந்து இங்கே வராத ஆள் இல்லை. குத்தகைக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்தவர்கள், கிழமைக் கடன் கொடுத்துவிட்டு வாசலில் வந்து குந்தினவர்கள். எல்லாரும் விளங்காத பாஷையில் இருந்த படிவத்தில் எங்கள் பெண்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். புள்ளடி போட்ட இடத்தில் ஒப்பமிட்டுப் பழகிப் போனோம். நீங்கள் அவர்கள் இல்லை, உங்களுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறது, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு மேற்பார்க்கிறது, அது எனக்குத் தெரியும். ஆனால் சின்னம்மா ஒப்பமிட்டதும் அதே மாதிரிப் புள்ளடிக்குப் பக்கத்தில்தான்.

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். வன்னியில் நீங்கள் திறந்த கணக்குகள் எல்லாவற்றையும் எடுத்து, தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் முகவரியும் கணக்குக்காரருடையவைதானா என்று ஒருதரம் பாருங்கள். ஆலோசகரின் இலக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே அதை எடுத்துவிட்டு உரியவரின் இலக்கத்தைப் போடுங்கள். மின்னஞ்சல் இல்லாதவருக்குப் பிள்ளையுடையது, பேரனுடையது போடலாம், உங்கள் ஆளுடையது வேண்டாம். இனித் திறக்கிற கணக்குக்கு, பங்கு எங்கே இருக்கும், விற்ற காசு எங்கே இருக்கும், கூற்றை யாரிடம் நேரே கேட்கலாம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். கிளையை மூடுவதென்றால் மூடுகிற முன் ஒரு கடிதம் போடுங்கள்.

சின்னம்மாவின் இலக்கத்தை மாற்றப் படிவம் நிரப்பி, அடையாள அட்டைப் பிரதியோடு கொடுத்தாயிற்று. இப்போது அறிவித்தல் அவவின் கைத்தொலைபேசிக்கு வருகிறது. முதல் குறுஞ்செய்தி வந்த அன்று அதை எனக்கு எடுத்துச் சொல்லி, அழிக்காமல் எப்படி வைப்பது என்று கேட்டா.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு கூட்டுறவுச் சங்கக் கணக்குப் பதிவாளர்