குவாண்டம் புள்ளிப் பாடத்தை எழுதுவோருக்கும் கற்பிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இயற்பியல் பாடநூல் குழுவினருக்கும் ஆசிரியர்களுக்கும்,

2023-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் வழங்கப்பட்டதிலிருந்து சில நானோமீட்டர் அளவேயுள்ள குறைக்கடத்திப் படிகமான குவாண்டம் புள்ளி பல பாடத்திட்டங்களில் இடம்பிடித்துவிட்டது. எங்களுக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. "படிகம் சிறுத்தால் நீலம், பெருத்தால் சிவப்பு" என்ற வரியும் சரிதான். அந்த வரிக்குக் கீழே வரும் படத்தையும் கணக்கையும் திருத்த வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

முதலில் படம். குவாண்டம் புள்ளியைச் "செயற்கை அணு" என்று சொல்லிவிட்டு ஹைட்ரஜன் அணுவைப் போல வட்டங்கள் வரைகிறார்கள். மேல் வட்டத்திலிருந்து கீழ் வட்டத்துக்கு எலக்ட்ரான் குதிப்பதாக ஓர் அம்பு, அதன் பக்கத்தில் "பச்சை ஒளி" என்று ஒரு குறிப்பு. இந்த அம்பு தவறான இடத்தில் இருக்கிறது.

4 நானோமீட்டர் விட்டமுள்ள காட்மியம் செலினைடு படிகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 1,200 அணுக்கள் இருக்கும். புற ஊதா ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் இணைதிறன் பட்டையை விட்டுக் கடத்துப் பட்டைக்கு ஏறுகிறது. அது விட்டுப்போன இடம் துளை. எலக்ட்ரானைப் பிடித்துவைக்க நடுவில் அணுக்கரு எதுவும் கிடையாது. படிகத்தின் விளிம்புதான் சுவர். சுவருக்குள் அடைபட்ட அலை தனக்குப் பொருந்தும் வடிவங்களில் மட்டுமே நிற்க முடியும்; ஆகவே ஆற்றல் படிப்படியாகப் பிரிகிறது. கோள வடிவத்துக்கு அந்தப் படிகள் 1S, 1P, 1D, 2S என்ற வரிசையில் வரும். ஹைட்ரஜனில் 2s-உம் 2p-உம் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் இருக்கும். இங்கே 1P தனியாக, 1S-க்கு அடுத்த படியாகவே நிற்கிறது. அணு என்ற ஒப்புமை இந்தப் படிகளுக்குப் பொருந்தும். வட்டப்பாதைக்குப் பொருந்தாது.

கண்ணுக்குத் தெரியும் ஒளி 1P-இலிருந்து 1S-க்கு இறங்கும்போது வருவதில்லை. இந்த அளவுப் படிகத்தில் அந்தப் படி ஏறத்தாழ 0.3 எலக்ட்ரான் வோல்ட் உயரம்தான். அது அகச்சிவப்பில் போய் விழும். மேலே ஏறிய எலக்ட்ரான் அந்தப் படிகளைப் பெரும்பாலும் ஒளி உமிழாமலே, பிக்கோவினாடிக் கணக்கில் இறங்கிவிடுகிறது. மிகக் கீழ்ப்படியான 1S-க்கு வந்த பிறகு, சில பத்து நானோவினாடிகள் கழித்து, இரண்டு பட்டைகளுக்கும் நடுவிலுள்ள ஆற்றல் இடைவெளியைத் தாண்டித் துளையோடு சேர்கிறது. நாம் காணும் நிறம் அந்தச் சேர்க்கையின் நிறம். ஒரே புற ஊதா விளக்கின் கீழ் வைத்த வெவ்வேறு அளவுப் படிகங்கள் கொண்ட பத்துக் குப்பிகள் பத்து நிறத்தில் ஒளிர்வதற்கும் இதுவே காரணம்: விளக்கு எவ்வளவு உயரத்துக்கு ஏற்றிவிட்டாலும், உமிழ்வு எப்போதும் கடைசிப் படியிலிருந்துதான் நடக்கிறது. அம்பை இரண்டு பட்டைகளுக்கும் இடையே வரைந்தால் மாணவருக்கு இது உடனே விளங்கும்.

இனி கணக்கு. புரூஸ் தந்த சமன்பாட்டைப் பல நூல்கள் அப்படியே அச்சிடுகின்றன:

```
E = Eg + (h²/8R²)(1/me + 1/mh) − 1.786 e²/(4πε₀ εr R)
```

R என்பது ஆரம். பல மாணவர்கள் விட்டத்தைப் போட்டுவிடுவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. Eg பெரிய படிகத்தின் ஆற்றல் இடைவெளி. காட்மியம் செலினைடுக்கு அறை வெப்பநிலையில் 1.74 எலக்ட்ரான் வோல்ட். இரண்டாம் உறுப்பு, அடைத்து வைத்ததால் எலக்ட்ரானும் துளையும் பெறும் கூடுதல் ஆற்றல். மூன்றாம் உறுப்பு அவை ஒன்றையொன்று ஈர்ப்பதால் குறையும் ஆற்றல். எலக்ட்ரானின் பயனுறு நிறைக்கு 0.13, துளைக்கு 0.45 (இரண்டும் தனி எலக்ட்ரானின் நிறையை அலகாகக் கொண்டு), மின்காப்பு மாறிலிக்கு 10.6 என்று போட்டால், R-ஐ நானோமீட்டரில் எழுதும்போது சமன்பாடு இப்படிச் சுருங்கிவிடும்:

```
E = 1.74 + 3.73/R² − 0.243/R   (eV)
```

நம் 4 நானோமீட்டர் படிகத்துக்கு R = 2. அடைப்பால் ஏறுவது 0.93; அதில் இலேசான எலக்ட்ரானின் பங்கு மட்டும் 0.72, கனமான துளையின் பங்கு 0.21. ஈர்ப்பால் குறைவது 0.12. மொத்தம் 2.55 எலக்ட்ரான் வோல்ட். அலைநீளம் காண 1240-ஐ இதனால் வகுத்தால் 486 நானோமீட்டர், அதாவது நீலம். மாணவர் "4 நானோமீட்டர் புள்ளி நீலம்" என்று விடை எழுதுவார், முழு மதிப்பெண்ணும் பெறுவார். ஆனால் அதே அளவுப் படிகத்தைக் குப்பியில் எடுத்து உறிஞ்சல் நிறமாலை பதிவு செய்தால் முதல் உச்சம் 585-ஐ ஒட்டி நிற்கும். விளக்கின் கீழ் குப்பி ஆரஞ்சாக ஒளிரும். 100 நானோமீட்டர் பிசகு என்பது நிறத்தையே மாற்றிவிடும் பிசகு.

பிசகு எல்லா அளவுக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதைத்தான் வகுப்பில் காட்ட வேண்டும். 6 நானோமீட்டர் விட்டத்துக்குக் கணக்கு 598 தருகிறது, அளவீடு 625-ஐ ஒட்டி வருகிறது, பரவாயில்லை. 2.5 நானோமீட்டருக்குக் கணக்கு 315 என்கிறது, அது கண்ணுக்கே தெரியாத புற ஊதா. அளவீடோ 515. படிகம் சிறுக்கச் சிறுக்கச் சூத்திரம் கைவிட்டுவிடுகிறது.

காரணம் இரண்டு. சூத்திரத்தில் சுவர் முடிவிலா உயரம் கொண்டது. எலக்ட்ரான் அலை விளிம்பில் சுத்தமாகப் பூச்சியமாகிவிடும். உண்மையான படிகத்தின் மேல் இருப்பது ஒலியிக் அமிலம் போன்ற கரிம மூலக்கூறுகளின் போர்வை. அந்தச் சுவருக்கு ஓர் உயரம் உண்டு. அலை கொஞ்சம் வெளியே கசிகிறது. கசிந்த அலைக்குப் பெட்டி பெரிதானது போலத்தான், ஆற்றல் இறங்கும். சிறிய படிகத்தில் கசிவின் பங்கு அதிகம். இரண்டாவது காரணம், 0.13 என்ற நிறை பட்டையின் அடிவாரத்துக்கு மட்டுமே செல்லும். அடைப்பு எலக்ட்ரானை மேலே தூக்கிவிட்டால் அங்கே அது இன்னும் கனமாக நடந்துகொள்கிறது. அதனாலும் ஆற்றல் கணக்கைவிடக் குறைவாகவே ஏறுகிறது. ஆகவே சூத்திரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது போகும் திசையைச் சரியாகச் சொல்கிறது, ஏன் எலக்ட்ரானின் நிறை முக்கியம் என்று சொல்கிறது. அளவை நிறமாக மாற்ற மட்டும், உறிஞ்சல் உச்சத்தையும் மின்னணு நுண்ணோக்கியில் அளந்த விட்டத்தையும் சேர்த்துப் போட்ட அளவீட்டு வளைகோட்டை அச்சிடுங்கள்.

அந்த வளைகோட்டில் இன்னொன்றும் தெரியும். விட்டம் 2.5-இலிருந்து 3-க்கு, அதாவது அரை நானோமீட்டர் வளர்ந்தாலே உச்சம் ஏறத்தாழ 30 நானோமீட்டர் நகர்கிறது. 4-இலிருந்து 6 வரை, முழுதாக 2 நானோமீட்டர் வளர்ந்தாலும் நகர்வு 40-தான். ஓர் அணு அடுக்கின் தடிமன் ஏறக்குறைய 0.35 நானோமீட்டர். நீலத்திலும் பச்சையிலும் தூய நிறம் கிடைப்பது ஏன் கடினம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை: அங்கே ஓர் அடுக்கு கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறிவிடும்.

இதைச் சோதனைக்கூடத்திலேயே காட்ட வழி உண்டு. 13 மில்லிகிராம் காட்மியம் ஆக்சைடை 0.6 மில்லிலிட்டர் ஒலியிக் அமிலத்தோடும் 10 மில்லிலிட்டர் ஆக்டடெசீனோடும் சேர்த்து 225 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்ற வேண்டும். செலினியத்தை ஆக்டடெசீனில், சிறிது டிரைஆக்டைல்ஃபாஸ்ஃபீன் துணையோடு, முன்கூட்டியே கரைத்து வைத்திருக்க வேண்டும். அதில் 1 மில்லிலிட்டரை ஒரே வீச்சில் உள்ளே விட்டதும் கடிகாரத்தைத் தொடங்குங்கள். நிறம் மாறமாற ஒவ்வொரு மில்லிலிட்டராக எடுத்துக் குளிர்ந்த குப்பியில் விட்டால் அந்த மாதிரியின் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். மூன்று நிமிடத்துக்குள் வெளிர்மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு வரை ஒரு வரிசை கையில் இருக்கும். காட்மியம் நச்சு, புகைபோக்கிப் பெட்டிக்குள், கையுறையோடு, பயிற்சி பெற்ற ஒருவர் மட்டுமே செய்ய வேண்டும். கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது, தனிக் கலனில் சேர்க்க வேண்டும். மாணவருக்கு மூடி முத்திரையிட்ட குப்பிகள் போதும்.

பெரும்பாலும் தவறுவது மூன்று இடங்களில். செலினியத்தை மெதுவாகச் சொட்டுச் சொட்டாக விட்டால், முன்னால் பிறந்த படிகம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே புதியவை பிறக்கும். அளவுகள் கலந்து, உமிழ்வுக் கோடு அகலமாகிவிடும். நல்ல மாதிரியில் கோட்டின் அரையுயர அகலம் 25 முதல் 35 நானோமீட்டர். 60-ஐத் தாண்டினால் அளவு கலந்துவிட்டது என்று கொள்ளலாம். நெடுநேரம் சூட்டிலேயே விட்டாலும் இதே கதிதான்: கரைசலில் மூலப்பொருள் தீர்ந்ததும் சிறியவை கரைந்து பெரியவை மேல் படியும். மூன்றாவது, குப்பி தன் நிறத்தோடு சேர்த்து மங்கலான வெண்மையாகவோ செம்மையாகவோ ஒளிர்வது. அது அளவின் நிறம் அல்ல. மேற்பரப்பில் பிணைப்பு அறுந்த அணுக்கள் எலக்ட்ரானையோ துளையையோ பிடித்துக்கொள்வதால் வரும் அகன்ற உமிழ்வு. சிறிய படிகங்களில் அணுக்களில் பெரும்பங்கு மேற்பரப்பிலேயே இருப்பதால் முதல் குப்பிகளில்தான் இது துலக்கமாகத் தெரியும். இந்த உமிழ்வின் உச்சத்தை எடுத்து விட்டம் கணக்கிட்டால் விடை தவறும். எப்போதும் உறிஞ்சலின் முதல் உச்சத்திலிருந்தே விட்டத்தைப் படியுங்கள். உமிழ்வு உச்சம் அதைவிட 10 முதல் 20 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் இருப்பது இயல்பு. அதற்கும் மேல் தள்ளிப்போனால் கரைசல் அடர்த்தியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு படிகம் உமிழ்ந்ததை இன்னொன்று விழுங்கி மீண்டும் உமிழ்ந்துகொண்டிருக்கும். உறிஞ்சல் அளவு 0.1-க்குக் கீழ் வரும்வரை நீர்த்துவிட்டுத் திரும்ப அளந்தால் உச்சம் தன் இடத்துக்கு வந்துவிடும்.

கடைசியாக, "அளவு மட்டுமே நிறத்தைத் தீர்மானிக்கிறது" என்ற வரி. "மட்டுமே" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்தக் கூற்று ஒரே பொருளுக்குள், ஒரே மேற்பூச்சோடு இருக்கும்வரைதான் செல்லும். இண்டியம் ஃபாஸ்ஃபைடின் இடைவெளி 1.34 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்தே தொடங்குகிறது. அதன் விட்டத்தைக் காட்மியம் செலினைடின் வளைகோட்டில் படிக்கவே முடியாது. அதே காட்மியம் செலினைடு படிகத்தின் மேல் துத்தநாக சல்ஃபைடு ஓடு வளர்த்தால் எலக்ட்ரானையோ துளையையோ பிடித்துக்கொள்ளும் மேற்பரப்பு இடங்கள் மூடப்பட்டு ஒளிர்வு கூடும், நிறம் சிறிதளவே நகரும். காட்மியம் சல்ஃபைடு ஓடு வளர்த்தாலோ உள்ளே இருக்கும் கரு துளியும் வளராமலே நிறம் நன்றாகச் சிவப்புப் பக்கம் போகும். அந்த ஓடு எலக்ட்ரானுக்குத் தாழ்ந்த சுவர். அலை ஓட்டுக்குள்ளும் பரவிவிடுகிறது. துளை மட்டும் கருவுக்குள்ளேயே நிற்கிறது. பாடத்தில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் என்றால், ஒரே கருவின் மேல் இந்த இரண்டு ஓடுகளையும் அருகருகே வரைந்து, எலக்ட்ரான் அலை எதுவரை நீள்கிறது என்று ஒவ்வொன்றிலும் காட்டுங்கள்.

அன்புடன்,
குறைக்கடத்தி நானோபடிகங்களில் பணிபுரிவோர் சிலர்