பாலத்தில் காணாமற்போன 12 வண்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பன் சாலைப் பாலத்து நெரிசலைக் கணினியில் கணக்கிடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் அந்தப் பாலத்தில் வண்டிகள் வரிசைகட்டி நிற்பதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறவன் நான். கட்டுரையில் தந்த சமன்பாடு சரியானது. அதைக் கணினிக் கணக்காக மாற்றிய நிரல் வரிதான் தவறு. தாளில் போட்டுப் பார்த்தேன். 40 வினாடியில் 12 வண்டிகள் காணாமல் போய்விட்டன.

கட்டுரையின் எண்களையே வைத்துக்கொள்கிறேன். ஒரு தடத்தில் கிலோமீட்டருக்கு 160 வண்டி என்றால் அசைய இடமில்லை. காலிச் சாலையில் வேகம் மணிக்கு 36 கி.மீ.; அடர்த்தி ஏற ஏற வேகம் அதே விகிதத்தில் இறங்கும். பாலத்தை 100 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டத்தில் 16 வண்டி அடங்கும். மண்டபம் பக்கமிருந்து கட்டத்துக்கு 4 வண்டி வீதம் 27 கி.மீ. வேகத்தில் வருகின்றன. அதாவது 10 வினாடிக்கு 3 வண்டி. ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்க யாரோ வண்டியை நிறுத்திவிட்டதால், முன்னாலுள்ள கட்டங்களில் தலா 16 வண்டிகள் நிற்கின்றன.

அடர்த்தியின் மாற்றம் சாலையில் ஓர் அலைபோல் நகரும். கட்டுரையின் வரி, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த அலை வரும் பக்கத்துக் கட்டத்தோடு உள்ள அடர்த்தி வித்தியாசத்தை அலை வேகத்தால் பெருக்கிக் கழிக்கிறது. 4 உள்ள கட்டத்தில் அலை முன்னோக்கிப் போகிறது. ஆகவே பின்னால் பார்க்கிறது. அங்கேயும் 4, வித்தியாசம் பூஜ்யம். 16 உள்ள கட்டத்தில் அலை பின்னோக்கி வருகிறது, முன்னால் பார்க்கிறது. அங்கேயும் 16, மறுபடி பூஜ்யம். 4-க்கும் 16-க்கும் நடுவிலுள்ள அந்த எல்லையை யாருமே பார்க்கவில்லை. நெரிசலின் வால் ஓர் அடிகூட நீளாது. வந்த வண்டிகள் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. அடர்த்தி சீராக மாறும் இடத்தில் இந்த வரி தப்பில்லை. தாவல் உள்ள இடத்தில் வகைக்கெழுவே கிடையாது. அங்கே எண்ணிக்கை மட்டுமே வழி.

ரஷ்யக் கணிதவியலாளர் கோதுனோவ் 1959-ல் வாயு ஓட்டத்துக்காக வெளியிட்ட முறை அந்த எல்லையிலிருந்தே தொடங்குகிறது. கட்டத்துக்குள் அடர்த்தி ஒரே அளவு என்று வைத்தால், ஒவ்வொரு எல்லையிலும் இடம் ஓர் அளவு, வலம் ஓர் அளவு. அந்தச் சின்னத் தாவல் சிக்கலைத் தனியாகத் தீர்த்து, எல்லையைக் கடப்பது எத்தனை என்று எடுக்க வேண்டும். ஒரு கட்டத்திலிருந்து போனதே அடுத்ததில் சேர்கிறது. N என்பது கட்டத்திலுள்ள வண்டிகள், Q என்பது ஒரு படியில் எல்லையைக் கடப்பவை:

```
N[i] = N[i] + Q[i-1/2] - Q[i+1/2]
```

சாலைக்கு அந்தத் தீர்வு எளிது. இடது கட்டம் தரக்கூடியது, வலது கட்டம் வாங்கக்கூடியது, இரண்டில் சிறியதே Q. 8 வண்டி வரை இடது கட்டம் தன் ஓட்டத்தை, அதாவது அந்த அடர்த்தியில் 10 வினாடிக்குக் கடக்கும் வண்டிகளைத் தரும். அதற்கு மேல் உச்ச ஓட்டமான 4-ஐத் தரும். வலது கட்டம் 8 வரை 4-ஐ வாங்கும். அதற்கு மேல் தன் ஓட்டம் அளவே வாங்கும்.

10 வினாடிப் படிகளில் போடுகிறேன். நெரிசலை ஒட்டிய கட்டம் 4-லிருந்து 7, 10, 13 என்று ஏறுகிறது. நான்காம் படியில் அதனால் 2.44 மட்டுமே வாங்க முடிகிறது, 15.44 ஆகிறது. மீதி 0.56 பின் கட்டத்தில் தங்க, அது 4.56. இரண்டும் சேர்ந்து 20. இருந்தது 8, வந்தது 12. உண்மையான விடை 16-உம் 4-உம். வால் வினாடிக்கு 2.5 மீட்டர் பின்னேறுவது சரியாக வருகிறது. விளிம்பு மட்டும் கொஞ்சம் மழுங்குகிறது. முதல் வரிசைத் துல்லியம் மட்டுமே உள்ள முறைக்கு அந்த மழுங்கல் உண்டு.

எண்ணிக்கை காப்பது மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நின்ற வண்டி கிளம்பும் நேரத்தில் இடம் 16, வலம் 0. இரு பக்கமும் ஓட்டம் பூஜ்யம் என்பதால் தாவல் அங்கேயே நிற்கும் என்று எடுத்துக்கொண்டால், முன்னே சாலை காலியாக இருந்தும் ஒரு வண்டியும் நகராது. எண்ணிக்கை சரியாக இருக்கும், விடை தவறு. சரியாகத் தீர்த்தால் தாவல் விசிறிபோல் விரிகிறது. எல்லையில் அடர்த்தி 8, ஓட்டம் 4. முதல் படியிலேயே 16 என்பது 12 ஆகும், 0 என்பது 4 ஆகும்.

படியின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. மிக வேகமான அலை வினாடிக்கு 10 மீட்டர்; ஒரு படியில் அது ஒரு கட்டத்தைத் தாண்டக் கூடாது, எனவே 10 வினாடிதான். கட்டுரையில் 15 வினாடி என்று இருக்கிறது. அப்படிப் போட்டால் கோதுனோவ் முறையிலேயே 4, 8.5, 13, பிறகு 16.66. பதினாறுக்கு மேல் அந்தக் கட்டத்தில் இடமே இல்லை.

மாணவர்கள் அந்த வரியை அப்படியே எழுதிப் பார்ப்பார்கள். வரியையும் படி நீளத்தையும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.