பழைய சோபாவுக்குப் புது விலை கேட்கும் வீட்டுக்காரர்களுக்கு

லண்டனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தளபாடங்களோடு வீடு வாடகைக்கு விடும் தமிழ் அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம்.

வாடகை வீடுகளில் உள்ள பொருட்களைப் பட்டியல் எடுப்பது என் தொழில். ஆள் குடிவரும்போது ஒரு அறிக்கை, போகும்போது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் டெபாசிட்டில் எவ்வளவு கழிக்கலாம் என்று தீர்மானிப்பார்கள். உங்களில் பலர் டெபாசிட் சண்டையில் தோற்ற பிறகு என்னைக் கூப்பிடுகிறீர்கள். "சோபாவை எரிச்சுப்போட்டுப் போயிட்டான், எனக்குக் கிடைச்சது கால்வாசிக் காசு" என்று கோபப்படுகிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கால்வாசி எப்படி வந்தது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு அடிப்படை. டெபாசிட் உங்கள் கையில் இருந்தாலும் அது வாடகைக்கு இருப்பவரின் பணம்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஏப்ரலில் இருந்து, பெரும்பாலான தனியார் வாடகைகளில் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிய வேண்டும். அதற்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம். நம்ம ஆள்தானே என்று காசாக வாங்கி அலமாரியில் வைத்தவர்கள், சேதத்தைப் பற்றிப் பேசவே முடியாத நிலைக்கு வந்துவிடுவார்கள். பதியாத டெபாசிட்டுக்கு அதன் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் கட்டச் சொல்லலாம்.

பதிந்திருந்து, இருவருக்கும் ஒத்துவரவில்லை என்றால், திட்டத்தின் நடுவரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அவர் வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார். நீங்கள் அனுப்பும் காகிதங்களையும் படங்களையும் மட்டும் வைத்து முடிவு சொல்வார். நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. வாடகைக்கு இருந்தவர் ஒரு வரி எழுதாவிட்டாலும், உங்கள் ஆதாரம் போதவில்லை என்றால் பணம் அவருக்குத்தான் போகும்.

நடுவர் கையில் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. வாடகை முடியும்போது வீட்டுக்காரர் முன்பு இருந்ததைவிட நல்ல நிலைக்குப் போய்விடக் கூடாது. ஐந்து வருடம் உழைத்த சோபா போய்விட்டால், ஐந்து வருடம் உழைத்த சோபாவின் மதிப்புதான் உங்கள் நட்டம். புதுசின் விலையைக் கொடுத்தால் நீங்கள் இலாபம் பார்த்தவர் ஆகிவிடுவீர்கள். ஒப்பந்தத்தில் "பொருள் கெட்டால் புதிய விலை முழுவதும் தர வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன் என்று சிலர் சொல்கிறீர்கள். அந்த வரியை நம்பி இருக்காதீர்கள். "தட்டு உடைந்தால் 10 பவுண்ட், கிளாஸ் உடைந்தால் 5 பவுண்ட்" என்று விலைப்பட்டியல் ஒட்டிவைப்பதும் அப்படித்தான். 2019-இல் வந்த வாடகைக் கட்டணச் சட்டத்துக்குப் பிறகு அப்படி முன்கூட்டியே நிர்ணயித்த அபராதம் வாங்க முடியாது. உண்மையான நட்டத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வெம்பிளியில் இரண்டு அறை ஃபிளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வாடகை 1,560 பவுண்ட், அதாவது வாரத்துக்கு 360. ஐந்து வார வாடகைதான் டெபாசிட்டின் உச்சவரம்பு, ஆகவே 1,800 பவுண்ட். 2022 செப்டம்பரில் ஒரு தம்பதி குடிவந்து 2024 செப்டம்பரில் போகிறார்கள். வீட்டுக்காரர் முழு 1,800-ஐயும் கேட்கிறார். சோபாவுக்கு 1,150, மெத்தைக்கு 350, காணாமல்போன பாத்திரங்களுக்கு 60, துப்புரவுக்கு 240.

சோபாவில் இருக்கும் குறை உண்மையானது. இருக்கைத் துணியில் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி ஒரு எரிந்த ஓட்டை. தைத்துச் சரிசெய்ய முடியாது என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்தக் காகிதம் முக்கியம், ஏனென்றால் நடுவர் முதலில் பார்ப்பது திருத்த முடியுமா என்பதைத்தான். மாற்றுவது கடைசி வழி. ஒரு குஷன் உறையை மாற்றினால் சரியாகிவிடும் என்றால் அந்த உறையின் விலைதான் பேச்சு. ஒரே செட்டில் இருந்த இரண்டு பேர் அமரும் சோபா நிறம் பொருந்தாமல் போகிறது என்று அதற்கும் சேர்த்துக் கேட்காதீர்கள். அதற்குச் சேதம் எதுவும் இல்லையே.

சரி, மாற்றத்தான் வேண்டும். வீட்டுக்காரர் புதிதாகப் பார்த்து வைத்தது தோல் சோபா, 1,150 பவுண்ட். போனது துணி சோபா. அதே தரத்தில் இன்று வாங்கினால் 800. கணக்கு 800-இல் இருந்துதான் தொடங்கும். இந்தத் தரத்துச் சோபா வாடகை வீட்டில் ஏறக்குறைய எட்டு வருடம் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு 100 பவுண்ட் தேய்கிறது. வாங்கியது 2019 செப்டம்பர், ரசீது இருக்கிறது. ஆள் வெளியேறும்போது வயது ஐந்து வருடம், மீதி ஆயுள் மூன்று வருடம். ஆகவே 300 பவுண்ட். கைப்பிடி மங்கியதும் இருக்கை தாழ்ந்ததும் இந்த எட்டு வருடத்துக்குள்ளேயே அடங்கிய இயல்பான தேய்மானம், அவற்றுக்குத் தனியாக எதுவும் இல்லை.

எட்டு வருடம் என்பது எங்கும் அச்சடித்து வைத்த எண் இல்லை. நல்ல மரச்சட்டம் போட்ட சோபாவுக்கு அது கூடும், மலிவுச் சோபாவுக்கு நாலைந்தாகக் குறையும். குழந்தைகளோடு குடும்பத்தை வைத்தால் தேய்மானம் கூடும் என்பதும் கணக்கில் வரும். ஒற்றை ஆளுக்கு விட்ட வீட்டில் எதிர்பார்க்கும் நிலையை ஐந்து பேர் இருந்த வீட்டில் எதிர்பார்க்க முடியாது. விலைமதிப்பான பொருள் வைத்திருந்தால் அதன் தரத்தை ரசீதோடு காட்டுங்கள், ஆயுளைக் கூட்டிக் கேட்கலாம்.

மெத்தைக்கு வருவோம். 2017-இல் வாங்கியது, பெரிய கறை. அதே தரத்துக்கு இன்று 320 பவுண்ட், ஆயுள் எட்டு வருடம் என்றால் வருடத்துக்கு 40. மீதி ஒரே வருடம், 40 பவுண்ட். இன்னும் இரண்டு வருடம் பழையதாக இருந்திருந்தால் ஆயுளே முடிந்திருக்கும், கிட்டத்தட்ட ஒன்றும் கிடைத்திருக்காது. பாத்திரங்களுக்குப் பூஜ்யம். பட்டியலில் "சமையல் பாத்திரங்கள் – ஒரு செட்" என்று மட்டும் இருந்தது. எத்தனை, என்ன, எப்போது வாங்கியது என்று தெரியாமல் எதைக் காணோம் என்று எப்படிச் சொல்வது?

துப்புரவு மட்டும் வேறு மாதிரி. அழுக்குக்கு வயது பார்த்துக் கழிப்பதில்லை. குடிவரும்போது எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் நியாயமான செலவு கிடைக்கும். ஆனால் படங்களில் அழுக்காக இருந்தது சமையலறை ஓவனும் குளியலறையும் மட்டும். முழு வீட்டுக்கான 240-க்குப் பதில் அந்த இரண்டுக்கும் 90. ஆக மொத்தம் 430 பவுண்ட். மீதி 1,370 தம்பதிக்குப் போகிறது.

இதில் 300 கிடைத்ததே அந்த ரசீதால்தான் என்பதைக் கவனியுங்கள். வாங்கிய தேதி தெரியாமல் இருந்திருந்தால், சந்தேகத்தின் பலன் வாடகைக்கு இருந்தவருக்குப் போயிருக்கும். நீங்கள் எனக்கு அனுப்பும் பட்டியல்களில் "சோபா 1, நல்ல நிலை" என்ற வரியைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதை வைத்து எவராலும் எதையும் கணக்கிட முடியாது. நான் எழுதும் வரி இப்படி இருக்கும்: "மூன்று பேர் அமரும் துணி சோபா, சாம்பல் நிறம், 2019 செப்டம்பரில் 720 பவுண்டுக்கு வாங்கியது, ரசீது உண்டு. இடது கைப்பிடியில் நாணய அளவு மங்கல் கறை. இருக்கைகளில் லேசான தாழ்வு. தீப்பாதுகாப்புப் பட்டை அடியில் உள்ளது." ஏற்கெனவே உள்ள குறையை எழுதத் தயங்காதீர்கள். கறை இருந்ததை நீங்களே எழுதியிருந்தால், ஓட்டை இல்லை என்று நீங்கள் எழுதியதும் நம்பப்படும். தீப்பாதுகாப்புப் பட்டை என்றது வேறு காரணத்துக்காக: 1988 விதிகளின்படி வாடகை வீட்டில் வைக்கும் சோபாவும் மெத்தையும் தீத்தடுப்புத் தரத்தில் இருக்க வேண்டும். பட்டை இல்லாத ஓசிச் சோபாவை வீட்டில் போட்டால் டெபாசிட்டைவிடப் பெரிய தொல்லை வரும்.

அப்புறம், பட்டியலை ஆள் குடிவந்த அன்றே கொடுத்து, பார்த்துத் திருத்த ஒரு வாரம் அவகாசம் தந்து, கையெழுத்து வாங்குங்கள். மாதக்கணக்கில் கழித்து எழுதிய பட்டியல் பாதி மதிப்பை இழந்துவிடும். வெளியேறும் அறிக்கையும் அதே வரிசையில், அதே கோணத்துப் படங்களோடு இருக்கட்டும். நூறு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தப் படம் எந்த அறை, எந்தத் தேதி என்று நடுவருக்கு எப்படித் தெரியும்?

வரி அலுவலகத்தையும் யோசியுங்கள். 2016 ஏப்ரலுக்கு முன், தளபாட வீட்டுக்கு வாடகையில் பத்து சதவீதத்தைத் தேய்மானமாகக் கழிக்கலாம் என்று இருந்தது. இப்போது, பழைய பொருளை மாற்றும்போது மாற்றிய செலவைக் கழிக்கலாம், அதுவும் அதே தரத்துக்கு ஆகும் அளவு மட்டும். துணி சோபாவுக்குப் பதில் தோல் சோபா வாங்கினால் கூடுதல் விலைக்குச் சலுகை இல்லை. சேதத்துக்காக டெபாசிட்டில் பிடித்துக்கொண்ட பணத்தையும் வருமானக் கணக்கில் காட்ட வேண்டும்.

இந்தக் கணக்கை ஆள் வெளியேறிய அன்றே போட்டு, அந்த 430-ஐ ரசீதோடு நேரடியாகக் கேட்டுப்பாருங்கள். நியாயமான எண்ணுக்குப் பெரும்பாலானோர் அன்றைக்கே சரி என்பார்கள். 1,800 கேட்டால் அவர்களும் ஒரு பென்னி தர மாட்டார்கள், நடுவரிடம் போய் மாதங்கள் கழியும், அதே 430-தான் கிடைக்கும்.

இப்படிக்கு,
வாடகை வீடுகளுக்குப் பட்டியல் எழுதுபவன், லண்டன்