அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விடைத்தாள்கள் பள்ளி திறந்த முதல் வாரத்தில் வழங்கப்படும். வட்டார அளவிலான விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசுகளுடன் திரும்பினார்கள். அறிவியல் கண்காட்சியும் பேச்சுப் போட்டியும் சிறப்பாக நடந்தன. பங்கேற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும், துணைநின்ற ஆசிரியர்களுக்கும் என் வாழ்த்துகள்.

இந்தக் கடிதத்தில் நான் பேச விரும்பும் முக்கியமான செய்தி, இம்மாதம் நடந்த கிறிஸ்துமஸ் குடில் போட்டியைப் பற்றியது. வகுப்புக்கு ஒரு குடில் என்று 14 குடில்கள் வந்தன. அவற்றில் 9 தெர்மாகோலால் ஆனவை. ஐந்து குடில்கள் கடையில் ஆயத்தமாக வாங்கி வரப்பட்டவை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அவற்றில் பிள்ளைகளின் கைபட்ட இடம் என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை.

போட்டி முடிந்த மாலை தெர்மாகோல் குடில்களைப் பிரித்தோம். தெர்மாகோல் உடைந்தால் சின்னச் சின்ன மணிகளாகச் சிதறும். உராய்வில் அந்த மணிகள் மின்னேற்றம் பெறுவதால் பெருக்கும்போது துடைப்பத்திலேயே ஒட்டிக்கொள்கின்றன. எங்கள் துப்புரவுப் பணியாளர் அம்மாவின் புடவை விளிம்பிலும் முன்கையிலும் வெள்ளைப் பொட்டுகளாக அவை ஒட்டியிருந்தன. தட்டினால் மறு கைக்குப் போயின. கடைசியில் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அரை மணி நேர வேலைக்கு இரண்டு நாள் ஆயிற்று. மறுநாள் பெய்த மழையில் மிச்சமிருந்தவை மிதந்து போய் வடிகாலின் கம்பி வலையை அடைத்துக்கொள்ள, முன்வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூக்கித்தான் உள்ளே கொண்டுவந்தோம்.

இதில் பள்ளியின் தவறும் இருக்கிறது. போட்டி அறிவிப்பை உங்களுக்கு நான்கு நாள் முன்புதான் அனுப்பினோம். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவரிடம் நான்கு நாளில் குடில் கேட்டால், அவர் கடைக்குத்தான் போவார். அதற்காக உங்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். இனி எந்த அலங்காரப் போட்டிக்கும் குறைந்தது மூன்று வாரம் முன்பே அறிவிப்பு வரும். செய்யும் வேலையும் பள்ளி நேரத்தில், வகுப்பறையிலேயே நடக்கும்.

ஆனால் ஒன்றை நான் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. கடையில் கிடைக்கிறது என்பதால் அது அனுமதிக்கப்பட்டது ஆகிவிடாது. வரும் ஜனவரி முதல் தெர்மாகோல், பிளாஸ்டிக் தோரணம், ஜிகினாத் தாள் ஆகியவற்றைக் கொண்டுவந்தால் வாயிலிலேயே திருப்பி அனுப்புவோம். பிள்ளை அழுதாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இந்த முடிவு மாறாது. பிள்ளையை அந்த நிலையில் நிறுத்திவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சில பொருள்கள் நம்மை ஏமாற்றிவிடும். பளபளக்கும் வண்ணத்தாள் பலவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. ஓர் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். காகிதம் என்றால் கிழிந்த விளிம்பில் பஞ்சு போல நார் தெரியும். பிளாஸ்டிக் என்றால் இழுபடும், அல்லது கண்ணாடி போன்ற மெல்லிய தோல் தனியே உரிந்து வரும். துணி என்று விற்கப்படும் நெய்யாத துணியும், கைவினைப் பாடத்துக்கு வாங்கும் ஃபோம் ஷீட்டும் பிளாஸ்டிக்தான்.

இனி, அதே போட்டியில் என் மனத்தை நிறைத்த ஒரு குடிலைப் பற்றிச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுப் பிள்ளைகள் அறிவிப்புக்கு முன்பே வகுப்பறையில் தொடங்கிச் செய்தது. பரிசு அதற்குக் கிடைக்கவில்லை. மூன்று நாள் அதன் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால், அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதையும் எங்கே தவறினார்கள் என்பதையும் எழுதுகிறேன். வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

மளிகைக் கடை அட்டைப்பெட்டிகள் இரண்டைப் பிரித்து மலையின் எலும்புக்கூடு செய்தார்கள். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஆசிரியை அடுப்பில் கிளறிப் பசை காய்ச்சினார். பழைய செய்தித்தாள்களைக் கசக்கி, அந்தப் பசையில் நனைத்து, அட்டையின் மேல் போர்த்தினார்கள். கசக்கிய மடிப்புகள் காய்ந்ததும் பாறை மடிப்புகளாக அப்படியே நின்றுவிட்டன. முதல் நாள் அவசரத்தில் நான்கு அடுக்கு ஒன்றாகப் போர்த்தியதில் உள்ளே ஈரம் நின்று, பூசணம் பூத்து வாடை வந்தது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, மறுபடி ஒரு நாளைக்கு ஓர் அடுக்கு என்று போட்டார்கள். இந்த ஈர மாதத்தில் அதுதான் சரி.

மலைக்கு நிறம் செம்மண். மண்ணைச் சலித்து, தண்ணீரில் கரைத்துப் பூசினார்கள். காய்ந்ததும் கை பட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தது. மண் ஒரு நிறப்பொடியே தவிரச் சாயம் அல்ல. காகித நாருக்குள் அது இறங்காது. மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். பிடித்துக்கொள்ள ஒரு பசை வேண்டும். அதே மைதாப் பசையைக் கொஞ்சம் நீர்க்கவைத்து, அதில் செம்மண்ணைக் குழைத்துப் பூசியதும் ஒட்டிக்கொண்டது. செம்மண் நிறம் வெயிலிலும் வெளுக்காது.

நட்சத்திரத்துக்கு மூங்கில் குச்சிச் சட்டமும் மஞ்சள் தோய்த்த வெள்ளைத் தாளும். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள்தூளைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினார்கள். தாளை அதில் முக்கியபோது கிழிந்தது. பிறகு தூரிகையால் தடவினார்கள். ஒரு மாணவி, வீட்டில் ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்குமே என்று நினைவுபடுத்த, தெளிந்த சுண்ணாம்பு நீரை நட்சத்திரத்தின் நுனிகளில் மட்டும் ஆசிரியை தடவினார். கண்ணெதிரே இரத்தச் சிவப்பு பரவியதைப் பார்த்து வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பிள்ளைகளின் கையில் அதைத் தரவில்லை. வீட்டிலும் தராதீர்கள்.

அந்தச் சிவப்பு ஒரு வாரத்தில் பழுப்பாக மங்கியது. காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்பின் காரம் போய்விடுவதுதான் காரணம். மஞ்சளும் நேர் வெயிலில் சில நாளில் வெளுத்துவிடும். பீட்ரூட் சாறும் அப்படியே. முதல் நாள் இளஞ்சிவப்பாக இருந்த தாள்கள் நான்காம் நாள் தேநீர்க் கறையாகி நின்றன. ஆகவே இந்தச் சாயங்களை விழாவுக்கு முந்தின நாள் தடவுங்கள், நிழலில் தொங்கவிடுங்கள். நீண்ட நாள் நிற்க வேண்டிய சிவப்புக்குக் காவி மண்ணையே நம்புங்கள்.

ஆட்டுக்குட்டிகளையும் மேய்ப்பர்களையும் களிமண்ணில் செய்தார்கள். பாதி ஆடுகளுக்குக் கால் உடைந்தது. பிள்ளைகள் மிகவும் வருந்தினார்கள். மெல்லிய கால் சீக்கிரம் காய்ந்து சுருங்க, தடித்த உடல் ஈரமாகவே இருந்தால் இணைப்பில் விரிசல் விடும். உடலின் அடியில் விரலால் தோண்டிக் குடைவாக்க வேண்டும். ஒட்டும் இரண்டு பரப்பையும் ஈர்க்கால் கீறி, களிமண் குழம்பு தடவி அழுத்த வேண்டும். கால்களை ஈரத் துணியால் சுற்றி, நிழலில் மூன்று நான்கு நாள் மெதுவாகக் காயவைக்க வேண்டும். இரண்டாம் முறை அப்படிச் செய்தபோது 11 ஆடுகளில் ஒன்றுதான் உடைந்தது.

விழா முடிந்த அன்று அந்த வகுப்பு தன் குடிலைத் தானே பிரித்தது. சுடாத களிமண் பொம்மைகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டார்கள். நன்றாகக் காய்ந்த களிமண் தண்ணீர் பட்டதும் உதிரத் தொடங்கும். மதிய உணவு முடிவதற்குள் வாளியின் அடியில் சேறுதான் இருந்தது. அது பள்ளித் தோட்டத்துக்குப் போனது. வைக்கோலும் காகிதமும் உரக்குழிக்குப் போயின.

இனி பொங்கல். ஜனவரி 12 அன்று பள்ளியில் பொங்கல் வைக்கிறோம். தோரணத்துக்கு வகுப்புக்கு ஒரு தென்னை மட்டை போதும். வளர்ந்த மட்டை ஒன்றில் 200-க்கும் மேற்பட்ட இலைகள் இருக்கும். குருத்தோலைதான் மடிக்க வளையும், வெளிர் மஞ்சளாக அழகாகவும் இருக்கும். ஆனால் குருத்தைத் திரும்பத் திரும்ப வெட்டினால் மரம் தளரும். ஆகவே எந்த வீட்டுத் தோப்பிலாவது மரம் சாய்க்கும் வேலை இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். இல்லாவிட்டால் பச்சை ஓலையே போதும். கிளி மடிக்கக் கற்றுத்தரத் தெரிந்த தாத்தா பாட்டிகள் 11-ஆம் தேதி பிற்பகல் வந்தால் பிள்ளைகள் மகிழ்வார்கள். ஓலை காய்ந்தால் சுருண்டுவிடும் என்பதால் மடித்தவற்றை ஈரச் சாக்கில் சுற்றி இரவு முழுவதும் வைப்போம். கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம். வாழைநாரைப் பத்து நிமிடம் ஊறவைத்தால் முடிச்சு நழுவாது. காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ கொண்டுவந்தால் போதும்.

போகியன்று வீட்டில் மிச்சமிருக்கும் தெர்மாகோல் குடிலைத் தயவுசெய்து நெருப்பில் போடாதீர்கள். அது கரும்புகையும் நச்சு வாயுவுமாக எரியும், அந்தப் புகையின் உயரத்தில்தான் பிள்ளைகள் நிற்பார்கள். உடைக்காமல் ஒரு சாக்கில் கட்டி, பள்ளி திறந்ததும் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மொத்தமாகச் சேர்த்து உலர்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைக்கிறோம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்காக அலைந்து திரிந்து வாங்கி வந்தவர்களின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தண்ணீர் தேங்கிய காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, வலையில் இருந்த குப்பையைக் கையால் அள்ளிய மூன்று தந்தையருக்கும், பழைய அட்டைப்பெட்டிகளைச் சேர்த்து அனுப்பிய தாய்மாருக்கும், இரண்டு நாள் பொறுமையாகப் பெருக்கிய எங்கள் பணியாளர் அம்மாவுக்கும் பள்ளியின் சார்பில் நன்றி. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்